அகல அலைவழியும் அடுக்குமாடி வீடும்

வீட்டில் வைஃபை தரும் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றும் இடங்களைத் தாண்டிச் சற்றுக் கீழே போனால், Channel Width என்னும் தலைப்பின்கீழ் 20 MHz, 40 MHz, 80 MHz என்று சில எண்கள் நிற்பதைக் காணலாம். பெரும்பாலோர் அதைத் தொடுவதேயில்லை; தொடுபவர்களோ, பெரிய எண் பெரிய வேகத்தைத் தரும் என்ற நியாயமான நம்பிக்கையில், உள்ளவற்றுள் பெரியதைத் தேர்ந்துவிட்டுத் திருப்தியுடன் வெளியேறிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை, அக்கம்பக்கத்தில் வேறு வீடில்லாத ஒரு தோட்டத்து பங்களாவில் முற்றிலும் பலிக்கும். ஒரே கட்டடத்தில் நாற்பது ஐம்பது குடித்தனங்கள் இருந்து, குடித்தனத்துக்கு ஒரு ரௌட்டர் இராப்பகலாய் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியிலோ, அதே பெரிய எண் சில சமயங்களில் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. குறைக்காத சமயங்களிலும் இணைப்பின் நிதானத்தைக் கெடுத்துவிடுகிறது. இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அகலம் என்பது என்ன கொடுக்கிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்னும் இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

கொடுப்பதை முதலில் பார்ப்போம். வைஃபை தன் செய்தியை ஒரே அலையில் ஏற்றி அனுப்புவதில்லை. தனக்கு அளிக்கப்பட்ட அதிர்வெண் பரப்பைப் பல நுண்ணிய அலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சிறு சிறு பங்காகச் செய்தியை ஏற்றுகிறது. வீடுகளில் பரவலாகப் புழங்கும் 802.11ac முறையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் செய்தி சுமக்கும் நுண்ணலைகள் 52, 40-இல் அவை 108, 80-இல் 234. இரண்டு ஆன்டெனாக்கள் கொண்ட சாதாரண மடிக்கணினி 20 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் விநாடிக்கு 173 மெகாபிட்டும், 40-இல் 400-உம், 80-இல் 866-உம் பேசக்கூடியதாக இருப்பது இந்தக் கணக்கினால்தான். அகலத்தை இரட்டிப்பதால் வேகம் இரட்டிப்பதோடு, ஓரங்களில் வீணாகும் இடம் குறைவதனால் சற்றுக் கூடுதலாகவும் கிடைக்கிறது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

விலையின் முதற்பகுதி இரைச்சலில் இருக்கிறது. காற்றிலும் கருவியிலும் எப்போதும் ஒரு மெல்லிய வெப்ப இரைச்சல் பரவிக்கிடக்கிறது. வாசலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோமோ அவ்வளவு இரைச்சலும் உள்ளே வருகிறது. அனுப்பும் ரௌட்டரின் சக்தியோ கூடுவதில்லை. அதே சக்தி இரண்டு மடங்கு பரப்பில் மெலிந்து பரவுகிறது. ஆகையால் அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபெல் குறைகிறது. 20-லிருந்து 80-க்குப் போனால் 6 டெசிபெல் போய்விடுகிறது. எனினும் இந்த விலை அற்பமானது என்றே சொல்லவேண்டும். கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த சூத்திரத்தின்படி, இரைச்சல் ஒன்றே தடையாக உள்ள வெட்டவெளியில் அகலத்தைக் கூட்டுவது ஒருகாலும் மொத்தக் கொள்ளளவைக் குறைப்பதில்லை. இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால், சமிக்ஞை ஏற்கெனவே தேய்ந்து நிற்கும் கடைசி அறையில்தான் அந்த 6 டெசிபெல், இணைப்பு நிற்பதற்கும் அறுவதற்கும் உள்ள வித்தியாசமாகிறது.

உண்மையான விலை அண்டை வீட்டாரிடம் செலுத்தப்படுவது. வைஃபை, உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தக்கூடிய அலைப்பரப்பில் இயங்குகிறது, இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பு 2005-இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பரப்பின் பெரும்பகுதி 2018-இலும் அவ்வாறு திறந்துவிடப்பட்டன. உரிமம் இல்லாத இடத்தில் ஒழுங்கைக் காப்பது ஒரே ஒரு விதி: பேசுமுன் கேள். ஒவ்வொரு கருவியும் காற்றைக் கவனித்து, வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மைக்ரோவிநாடிக் கணக்கில் சிறிது பொறுத்து, அதன் பின்னும் தற்செயலாகத் தேர்ந்த சில கணங்கள் காத்திருந்து, பிறகே வாய் திறக்கிறது. இப்படிக் காத்திருக்கவேண்டியது, தான் பேச எடுத்துக்கொண்ட அகலம் முழுவதற்கும். சாதாரண மனிதன் வீதியில் எந்தக் கூட்டத்திலும் ஒதுங்கி நடந்துவிடுவான். தேர் நகரவேண்டுமானால் நான்கு மாட வீதியும் எதிர்ப்போக்குவரத்தின்றி ஒழிந்திருக்கவேண்டும். 80 மெகாஹெர்ட்ஸ் என்பது தேர்.

இதைச் சிறிய கணக்கொன்றில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டடத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு சேனலும், அண்டை வீட்டாரின் பேச்சினால் பத்தில் நான்கு பங்கு நேரம் நிறைந்திருக்கிறது என்றும், ஒன்றின் நிறைவுக்கும் மற்றதன் நிறைவுக்கும் தொடர்பில்லை என்றும் வைத்துக்கொள்வோம். குறுகிய அகலத்தில் இருப்பவனுக்குப் பேசக் கிடைக்கும் நேரம் 0.6. நாற்பதில் இருப்பவனுக்கு இரண்டு சேனலும் ஒருங்கே ஒழிந்திருக்கவேண்டுமாகையால் 0.36. எண்பதில் இருப்பவனுக்கு நான்கும் ஒழியவேண்டும், 0.13 மட்டுமே. இவற்றை முன் சொன்ன நுண்ணலைகளின் விகிதத்தால் பெருக்கினால், இருபதுக்கு 0.60, நாற்பதுக்கு 0.75, எண்பதுக்கு 0.58 என்று வருகிறது. நாலரை மடங்கு வேகம் என்று விளம்பரப்படுத்தப்படும் அகலம், இந்தக் கட்டடத்தில் மிகக் குறுகியதைவிடச் சற்றே பின்தங்குகிறது. நடுவில் இருப்பது முந்துகிறது. பத்தில் இரண்டு பங்கு மட்டுமே நிறைந்த அமைதியான தெருவில் இதே கணக்கு 0.8, 1.33, 1.84 என்று ஏறுமுகமாகப் போகிறது. பத்தில் ஏழு பங்கு நிறைந்த இடத்திலோ 0.30, 0.19, 0.04 என்று சரிந்துவிடுகிறது. ஆகவே எந்த அகலம் நல்லது என்னும் கேள்விக்கு ரௌட்டரின் பெட்டியில் விடை இல்லை. விடை சுவருக்கு அப்பால் இருக்கிறது.

இந்தக் கணக்கு வேண்டுமென்றே எளிதாக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நல்ல ரௌட்டர்கள் நான்கு சேனலும் ஒழியும்வரை முரட்டுத்தனமாகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. பாதி ஒழிந்திருந்தால் நாற்பதிலும், ஒன்றே ஒழிந்திருந்தால் இருபதிலும் அந்த ஒரு முறை பேசிவிட்டு மேலே செல்லும் சாமர்த்தியம் அவற்றுக்கு உண்டு. அன்றியும், அண்டை வீட்டார் எல்லோரும் எண்பதிலேயே பேசினால் நான்கு சேனல்களும் ஒரே சமயத்தில் நிறைந்து ஒரே சமயத்தில் ஒழியும். அப்போது நாம் மட்டும் குறுகிப் பயனில்லை, காத்திருக்கும் நேரம் ஒன்றேதான். எண்பதுக்குச் சாதகமான இந்த இரண்டு வாதங்களும் உண்மை. ஆயினும் அவற்றை எதிர்க்கும் வேறொரு காரணம் இருக்கிறது. அது பலரும் அறியாதது.

அகலமான சேனலில் எல்லாப் பகுதிகளும் சமமல்ல. ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் துண்டு முதன்மைச் சேனல். மற்றவை துணைச் சேனல்கள். முதன்மைச் சேனலில் கருவிகளின் செவி மிகக் கூர்மையானது: -82 டிபிஎம் அளவுக்கு மங்கலான இன்னொரு வைஃபையின் குரலையும் கேட்டு, அது எவ்வளவு நேரம் பேசப்போகிறது என்பதையும் அதன் முகப்பிலிருந்தே படித்து, அந்த நேரம் முழுதும் வாய்மூடி இருக்கும். துணைச் சேனலிலோ அவ்வளவு கூர்மை இல்லை. பழைய 802.11n முறையில் துணைச் சேனலில் -62 டிபிஎம்-க்கு மேற்பட்ட ஓசை இருந்தால்தான் அதைக் கவனிக்கவேண்டும். அதாவது முதன்மையில் கேட்பதைப்போல நூறு மடங்கு சக்தி இருந்தாலொழிய அங்கே ஒருவர் பேசுவது காதில் விழாது. பின்வந்த 802.11ac இதை -72 ஆகத் திருத்தியது; அப்போதும் பத்து மடங்கு மந்தம். பக்கத்து வீட்டுக்காரர் நம் துணைச் சேனலில் -75 அளவில் பேசிக்கொண்டிருந்தால், நம் ரௌட்டர் அதைக் கேளாமல் அவர் பேச்சின்மீதே பேசிவிடும். இரண்டு பாக்கெட்டும் சிதையும். இருவரும் மீண்டும் அனுப்புவார்கள். மீண்டும் மோதினால் இருவர் ரௌட்டரும் தாமாகவே மெதுவான வேகத்துக்கு இறங்கும். மெதுவாகப் பேசுவதால் இன்னும் அதிக நேரம் காற்றை அடைக்கும். அகலத்தின் பலன் அழிந்து, அதன் தீங்கு மட்டும் தெரு முழுதும் பரவுவது இவ்வாறு.

2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் இந்தக் குழப்பம் உச்சத்தை அடைகிறது. அங்கே மொத்த இடமே 80 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். 1 முதல் 13 வரை எண்கள் இருப்பினும், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஆகையால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடம்பெறக்கூடியவை 1, 6, 11 என்னும் மூன்றே. ஒருவர் 1-ஐ முதன்மையாக வைத்து 40 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் அவருடைய துணைச் சேனல் 5 ஆகிறது. அது 6-இன்மேல் முக்கால் பங்கு படுகிறது. முற்றிலும் 6-லேயே இருந்தாலாவது அங்குள்ளவர்களின் பேச்சைப் படித்து ஒதுங்கலாம். பாதியும் முக்காலுமாக ஏறி நிற்பவனுக்கு அவர்களுடைய பேச்சு வெறும் இரைச்சலாகவே படுகிறது, அவனுடைய பேச்சு அவர்களுக்கும் அப்படியே. மூன்று பேர் வாழவேண்டிய இடத்தில் ஒருவரே இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, அதையும் முறையாக எடுத்துக்கொள்ளாமல் கோணலாக எடுத்துக்கொள்வது இது. இந்தக் காரணத்தால்தான், அண்டையில் வேறு வலை தென்பட்டால் தானாகவே இருபதுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டை 802.11n விதியிலேயே சேர்த்தார்கள். ஆனால் பல மலிவான ரௌட்டர்களில் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு 40-ஐக் கட்டாயமாக்கும் வசதியும் கூடவே இருக்கிறது.

சென்னைப் புறநகரில் என் தமக்கை குடும்பம் வசிக்கும் அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில், இதைக் கண்ணாரப் பார்த்தேன். தமக்கை மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். மாலையில் வெளிநாட்டாருடன் பேசும் காணொளிக் கூட்டங்களில் குரல் இரும்பாக மாறுவதும், முகம் உறைவதும், பின் ஓட்டமாக ஓடுவதும் அவனுக்கு நித்திய வேதனை. வேகத்தை அளக்கும் செயலியில் நல்ல எண்ணே வந்தது. பகலில் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. கணினியில் கீழ்க்கண்ட இரண்டு கட்டளைகளை ஓட்டச் சொன்னேன்.

```
netsh wlan show networks mode=bssid
ping -t 192.168.1.1
```

முதற்கட்டளை அக்கம்பக்கத்து வலைகளை அவற்றின் சேனல் எண்ணோடு வரிசையாகக் காட்டுகிறது. திரை இரண்டு முறை உருண்டும் பட்டியல் முடியவில்லை, பெரும்பாலானவை 1, 6, 11-லும், நாலைந்து 3, 8 போன்ற இடைச் சேனல்களிலும் இருந்தன. இரண்டாவது, வீட்டுக்கு வெளியே போகாமல், தன் ரௌட்டரையே விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று சொல்வது. இதுவே உண்மையான சோதனை, ஏனெனில் இணையம் தரும் கம்பெனிக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை; இடையில் இருப்பது காற்று ஒன்றுதான். 2, 3, 2 என்று வந்துகொண்டிருந்த எண் இரவு எட்டு மணிக்கு மேல் 4, 190, 3, 410 என்று துள்ள ஆரம்பித்தது. நடுவே Request timed out என்ற வரியும் தலைகாட்டியது. சராசரி எடுத்தால் அவ்வளவு மோசமில்லை. கோப்பு இறக்குபவனுக்குச் சராசரி போதும். பேசுகிறவனுக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு சொல்லை விழுங்குகிறது.

ரௌட்டர் 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸாக வைக்கப்பட்டிருந்தது. அதை 20-ஆக மாற்றி, சேனலை 11-இல் நிறுத்தப்போனபோது, பையன் திரையைக் காட்டி, "மாமா, இப்ப 300 காட்டுது, நீங்க மாத்தினா பாதியாயிடுமே?" என்றான். பாதியாகத்தான் ஆயிற்று: 144. ஆனால் அந்த 300 என்பது பேசும்போது வாய் அசையும் வேகமே தவிர, பேச வாய்ப்புக் கிடைத்த அளவைச் சொல்வதல்ல. அன்றிரவு ரௌட்டருக்குச் சென்று வந்த எண் 3-க்கும் 20-க்கும் இடையே ஆடிற்று. நூற்றைத் தொட்டது அபூர்வம். வேகத்தை அளந்தபோது முன்னைக்கு இப்போது சிறிது கூடவே வந்தது. அவனுக்கு அது ஆச்சரியம்.

கூட்டப் பேச்சு, விளையாட்டு முதலிய சிறு பாக்கெட்டுகளின் விஷயத்தில் அகலத்துக்கு இயல்பாகவே மதிப்புக் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை 866 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 14 மைக்ரோவிநாடி போதும். 173 மெகாபிட்டில் 69 ஆகும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் காற்றைக் கவனிக்கவும், தற்செயலாகப் பொறுக்கவும், முகப்பைச் சொல்லவும், எதிர்ப்பக்கம் 'வந்தது' என்று ஒப்புதல் தரவும் செல்லும் நேரம் ஏறக்குறைய 185 மைக்ரோவிநாடி; அகலம் எதுவாயினும் இது குறைவதில்லை. ஆகவே ஐந்து மடங்கு வேகம், தனிப் பாக்கெட்டுக்கு 254-ஐ 199 ஆக்குவதோடு நின்றுவிடுகிறது. பெரிய திரைப்படத்தை இறக்கும்போது பல பாக்கெட்டுகளைக் கோத்து ஒரே மூச்சில் அனுப்புவதால் அகலம் அங்கே தன் முழு மதிப்பையும் காட்டும். அதுவும் காற்று ஒழிந்திருந்தால்.

5 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் இடம் தாராளம். அங்கே அலைகள் சுவரை எளிதில் தாண்டாததும் ஒரு வசதியே, அண்டை வீட்டார் குரல் நம்மிடம் வருமுன் தேய்ந்துவிடுகிறது. ஆகையால் நான்கைந்து வலைகளே தெரியும் இடத்தில் 80 வைப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 36 முதல் 48 வரையும், 149 முதல் 161 வரையும் உள்ள இரண்டு கூட்டங்களிலேயே குவிகின்றன. எண்பதாக எடுத்தால் அந்த இரண்டிலும் சேர்த்து இடம் இரண்டே, நாற்பதாக எடுத்தால் நான்கு, இருபதாக எடுத்தால் எட்டு. இடையிலுள்ள 52 முதல் 144 வரையான சேனல்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அங்கே போக ஆசைப்படுவோர், அது ரேடார்களோடு பகிரப்படும் பகுதி என்பதை அறியவேண்டும். அங்கே நுழையும் ரௌட்டர் முதலில் ஒரு நிமிஷம் பேசாமல் கவனித்திருக்கும். பின்னர் எப்போதேனும் ரேடாரின் துடிப்பைக் கேட்டதாக நினைத்தால் உடனே இடத்தைக் காலி செய்து, அரைமணி நேரத்துக்குத் திரும்பாது. அகலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ரேடார் பரப்பையும் அது தழுவிக்கொள்வதால், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள வீட்டில் 160 மெகாஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் காரணம் தெரியாமல் இணைப்பு அறுவதைக் காணக்கூடும்.

நெருக்கமான கட்டடத்தில் என் தீர்ப்பு இதுவே: 2.4-இல் எப்போதும் 20, 5-இல் 40. அண்டை வீட்டார் 36–48 கூட்டத்தில் எண்பதில் பேசுகிறார்களென்றால், அவர்களுடைய முதன்மைச் சேனல் எது என்பதைப் பட்டியலில் பார்த்து, நம் முதன்மையையும் அதே எண்ணில் வைப்பது நலம். இது முதலில் விபரீதமாகத் தோன்றும். ஒருவருக்கொருவர் கூர்மையான செவியில் விழுந்து முறைவைத்துப் பேசுவது, மந்தமான செவியில் அகப்பட்டு மோதிக்கொள்வதைவிட மேலானது. அது சாத்தியமல்லவெனில் வேறு கூட்டத்துக்கே போய்விடுவது உத்தமம்.

பெரிய அலுவலகங்களிலும் விளையாட்டரங்குகளிலும் அலைத்திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் இருபதிலேயே நிற்பதற்கும் இந்த மோதலைத் தவிர்ப்பதுதான் காரணம். அவர்கள் ஒவ்வொரு கருவியின் இடத்தையும் எண்ணையும் தாமே நிர்ணயிப்பதால் அவர்களுக்கு அது முடிகிறது. குடியிருப்போர் சங்கம் கூடி மாடிக்கு ஒரு சேனல் என்று பிரித்துக்கொண்டால் அடுக்குமாடியிலும் முடியும். நடைமுறையில் அதைக் கெடுப்பது Auto என்னும் சொல்தான். மின்சாரம் போய் வரும்போது கட்டடத்திலுள்ள ரௌட்டர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழிக்கின்றன. ஒவ்வொன்றும் காற்றைக் கவனிக்கும் அந்தச் சில விநாடிகளில் மற்றவை இன்னும் பேசத் தொடங்காததால் எல்லாம் காலியென்றே எண்ணி, பலவும் ஒரே சேனலை, அதுவும் கிடைத்த அகலம் முழுவதையும் விரித்து, பிடித்துக்கொள்கின்றன. பல ரௌட்டர்கள் அடுத்த மின்வெட்டு வரை அந்த இடத்தை விட்டு நகர்வதேயில்லை.